தண்ணீரில் விழுந்த போன்: அரிசி டப்பாவைத் தேடும் முன்

உங்கள் போன் இப்போதுதான் தண்ணீரில் விழுந்தது, வேறு யாருடைய போனிலோ இதைப் படிக்கிறீர்கள் என்றால், இந்த ஒரு பத்தியை மட்டும் முதலில் செய்துவிடுங்கள். போனை ஆஃப் செய்யுங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் ஆஃப் செய்யுங்கள். ஏற்கெனவே அணைந்துவிட்டது என்றால், உயிர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஆன் செய்யாதீர்கள். சார்ஜரைச் செருகாதீர்கள். வெளியே துடைத்துவிட்டு, சார்ஜ் போடும் துளை கீழே பார்க்கும்படி நிமிர்த்தி, ஓடுகிற ஃபேனுக்கு முன்னால் வையுங்கள். அரிசி வேண்டாம். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நான் போன் மதர்போர்டு வேலை செய்கிறவன். என் மேசைக்கு வருகிற போன்களில் தண்ணீர் பட்டவை எப்போதும் இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். அவற்றில் பாதிக்கு மேல் திறந்தவுடன் ஓரங்களில் இருந்து அரிசி மாவு உதிரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அந்த போன் அரிசிக்குள் கிடந்த இரண்டு மூன்று நாட்கள்தான் அதைக் காப்பாற்றியிருக்கக்கூடிய நாட்கள்.

ஒரே வாரத்தில் வந்த இரண்டு போன்களைச் சொல்கிறேன். இரண்டும் குளியலறை வாளியில் விழுந்தவை. இரண்டும் போர் தண்ணீர், எங்கள் பகுதியில் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவு பிடிக்கிற அளவுக்கு உப்புள்ள தண்ணீர். முதல் போனின் சொந்தக்காரர் இரண்டு நொடியில் அதை வெளியே எடுத்துவிட்டார். துடைத்துப் பார்த்தார், எல்லாம் வேலை செய்தது. நிம்மதியாகி அரை மணி நேரம் பேசினார், இரவு வழக்கம்போல சார்ஜில் போட்டார். காலையில் திரை இருட்டு. உடனே அரிசியில் போட்டு மூன்று நாள் வைத்தார். என்னிடம் வந்தது ஐந்தாம் நாள். இரண்டாவது போன் ஒரு கல்லூரி மாணவியுடையது. அது வாளியின் அடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. எடுத்தவுடன் ஆஃப் செய்து, நான்கு மணி நேரத்துக்குள் கொண்டுவந்தார்.

அதிக நேரம் தண்ணீரில் கிடந்த போன்தான் எளிதாகப் பிழைத்தது. ஏன் என்று புரிந்துகொண்டால், செய்ய வேண்டிய எல்லாமே தானாகப் புரிந்துவிடும்.

தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது

தண்ணீர் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிதான் சரி. சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை மிகக் குறைவாகத்தான் கடத்தும். ஆனால் நம் வீட்டுக் குழாயிலும் போரிலும் வருவது சுத்தமான தண்ணீர் இல்லை. அதில் கால்சியம், சோடியம், குளோரைடு என்று பல உப்புகள் கரைந்திருக்கின்றன. அவைதான் மின்சாரத்துக்கு வழி விடுகின்றன. அப்படி வழி கிடைத்த உடனே எல்லாம் கருகிவிடுவதும் இல்லை. பெரும்பாலான போன்களில் நடப்பது மெதுவான வேறொரு வேலை.

முலாம் பூசும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உப்புக் கரைசலில் இரண்டு உலோகத் துண்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்றை பேட்டரியின் நேர்முனையிலும் மற்றதை எதிர்முனையிலும் இணைப்பார்கள். நேர்முனையில் இருக்கும் உலோகம் கரைந்து தண்ணீருக்குள் இறங்கும், எதிர்முனையில் போய்ப் படியும். உங்கள் போனுக்குள் ஈரமும் மின்சாரமும் சேரும்போது நடப்பது இதே வேலைதான், கேட்காமலே நடக்கிறது. போர்டில் நேர்மின்னழுத்தம் இருக்கும் இடத்தில் செம்பும் ஈயப்பற்றும் கரைகின்றன. கரைந்த உலோகம் பக்கத்தில் இருக்கும் எதிர்முனைக்குப் போய், அங்கிருந்து செடியின் வேர் மாதிரி மெல்லிய இழைகளாகத் திரும்பி வளர்கிறது. அந்த இழை மறுகரையைத் தொட்டுவிட்டால் அதுதான் நிஜமான ஷார்ட். தண்ணீர் காய்ந்த பிறகும் அது அங்கேயே இருக்கும்.

தூரம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். போன் போர்டில் ஒரு சின்ன கெப்பாசிட்டரின் நீளமே அரை மில்லிமீட்டர் அளவுதான். அதன் இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. மறுபக்கம், தண்ணீர் மூலக்கூறைப் பிரிக்க 1.23 வோல்ட் போதும். உங்கள் பேட்டரி கொடுப்பது 3.7 வோல்ட்டிலிருந்து 4.4 வோல்ட் வரை. சார்ஜரைச் செருகினால் 5 வோல்ட், வேகச் சார்ஜராக இருந்தால் 9 வோல்ட்டோ அதற்கு மேலோ உள்ளே வருகிறது. எல்சிடி திரை உள்ள பல போன்களில் திரையின் பின்விளக்குக்குப் போகும் பாதை 20 வோல்ட்டைத் தாண்டும். அதனால்தான் தண்ணீர் பட்ட போனில் முதலில் சாவது பெரும்பாலும் அந்தப் பாதை. போன் அடிக்கும், பேச்சு கேட்கும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரியும். முதல் போனில் நடந்தது இதுதான்.

போர்டைத் திறந்தால் அந்த இடங்களில் பச்சையாகவும் வெள்ளையாகவும் பூத்திருக்கும். பழைய செம்புக் குடத்தில் களிம்பு ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அதே களிம்புதான். குடத்தில் மாதக்கணக்கில் ஏறுவது இங்கே மின்சாரத்தின் தள்ளுதலால் மணிக்கணக்கில் ஏறுகிறது.

ஆக மூன்று பேர் சேர்ந்து செய்யும் வேலை இது: தண்ணீர், அதில் இருக்கும் உப்பு, பேட்டரியின் மின்சாரம். இதில் ஒருவரை வெளியேற்றினாலும் வேலை நின்றுவிடும் அல்லது மிகவும் மெதுவாகும். உடனே, உங்கள் கையாலேயே, ஒரு ஸ்க்ரூட்ரைவர்கூட இல்லாமல் வெளியேற்ற முடிந்தது மின்சாரம் மட்டும்தான். தண்ணீரை உங்களால் உடனே எடுக்க முடியாது, உப்பை எடுக்கவே முடியாது. முதல் போன் இரண்டு நொடிதான் நனைந்தது, ஆனால் அடுத்த பத்து மணி நேரம் ஈரத்தோடு மின்சாரம் ஓடியது, அதில் பாதி நேரம் சார்ஜரோடு. இரண்டாவது போன் ஒரு நிமிடம் நனைந்தது, மின்சாரம் உடனே நின்றது. கணக்கு அவ்வளவுதான்.

ஆஃப் செய்தாலும் முழுக்க ஆஃப் இல்லை

இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "ஆஃப்தான் செய்துவிட்டேனே, அடுத்த வாரம் கடைக்குப் போகலாம்" என்று தோன்றும். பழைய பட்டன் போனில் பின்மூடியைத் திறந்து பேட்டரியைக் கழற்றிவிட்டால் மின்சாரம் முழுவதுமாகப் போய்விடும். இப்போதைய போனில் பேட்டரி உள்ளேயே ஒட்டியிருக்கிறது. ஆஃப் செய்தால் திரை, பிராசசர், கேமரா எல்லாவற்றுக்கும் போகும் கிளைப் பாதைகள் அடங்கிவிடும். ஆனால் பேட்டரி கனெக்டரிலிருந்து, மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சிப்பான பவர் ஐசி வரை வரும் பிரதான பாதையில் நான்கு வோல்ட் எப்போதும் நிற்கும். பவர் பட்டனை அழுத்தினால் போன் விழித்துக்கொள்வதே அதனால்தான். அந்தப் பாதையை ஒட்டி ஈரம் இருந்தால், போன் தூங்கும்போதும் அங்கே களிம்பு ஏறிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே ஆஃப் செய்வது நேரத்தை வாங்கித் தரும். எவ்வளவு நேரம் என்பது உள்ளே போன திரவத்தைப் பொறுத்தது. கடல் தண்ணீர் என்றால் சில மணி நேரம், குழாய்த் தண்ணீர் என்றால் ஒன்றிரண்டு நாள் என்று வைத்துக்கொண்டு நடங்கள்.

அரிசி ஏன் உதவாது

இட்லிக்கு அரிசி ஊறவைத்தால் தண்ணீரைக் குடிக்கிறது. உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைத்தால் உப்பு கட்டி பிடிப்பதில்லை. அதனால் போனின் ஈரத்தையும் அரிசி குடித்துவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஊறும் அரிசி தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. போனுக்குள் இருக்கும் தண்ணீரை டப்பாவில் இருக்கும் அரிசி தொடுவதே இல்லை. அந்தத் தண்ணீர் முதலில் உள்ளே ஆவியாக வேண்டும், சிம் ட்ரே இடுக்கு வழியாகவும் ஸ்பீக்கர் துளை வழியாகவும் வெளியே வர வேண்டும், அதற்குப் பிறகுதான் அரிசிக்கு வேலை. வெளியே வந்த ஆவியை இழுக்கும் வலுவும் அரிசிக்குக் குறைவு. கடையில் வாங்கும் அரிசியிலேயே எடையில் 12 முதல் 14 சதவீதம் வரை ஈரம் இருக்கிறது. சுற்றியிருக்கும் காற்றோடு அது ஏற்கெனவே சமாதானமாகிவிட்டது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊரில் இன்னும் குடிக்க அதற்கு அவ்வளவு இடமில்லை.

தண்ணீர் ஏன் எளிதில் ஆவியாகி வெளியே வராது என்பதற்கு உங்கள் சமையலறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கழுவிய எவர்சில்வர் டம்ளர்களை ஈரத்தோடு ஒன்றுக்குள் ஒன்று செருகி வைத்துவிட்டு மறுநாள் காலையில் பிரித்துப் பாருங்கள். வெளிப்புறம் காய்ந்திருக்கும், இரண்டு டம்ளருக்கும் நடுவே தண்ணீர் அப்படியே இருக்கும். குறுகிய இடுக்கில் தண்ணீர் தானே பற்றிக்கொள்ளும், காற்று படாததால் காயாது. போன் போர்டு முழுக்க அப்படிப்பட்ட இடுக்குகள்தான். ஐசிக்களின் அடியில் நூற்றுக்கணக்கான ஈயப்பற்று உருண்டைகள், அவற்றுக்கு நடுவே அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி. அதற்கு மேல் தகர மூடி, நாங்கள் ஷீல்டு என்போம். அரிசியில் மூன்று நாள் கிடந்த போனைத் திறந்து ஷீல்டைத் தூக்கினால் அடியில் தண்ணீர் பளபளப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு துணித் துண்டுகளை நனைத்துப் பிழியுங்கள். இரண்டையும் தனித்தனியே மூடியில் ஓட்டை போட்ட சின்ன டப்பாக்களில் வையுங்கள். ஒரு டப்பாவை அரிசிக்குள் புதையுங்கள், இன்னொன்றை ஃபேன் அடியில் வையுங்கள். மறுநாள் தொட்டுப் பார்த்தால் எது காய்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். புதைத்து வைப்பது என்பதே காற்றைத் தடுப்பதுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் வேறு. ஒரு பேச்சுக்கு அரிசி எல்லா ஈரத்தையும் இழுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. தண்ணீர் சுடவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு நிற்பதுபோல, ஐசிக்களின் கால்களுக்கு நடுவே உப்பு நிற்கும். அந்த உப்பு மழை நாளில் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடியும் வேலையைத் தொடங்கும். "அரிசியில் போட்டேன், நன்றாக ஓடியது, இரண்டு மாதம் கழித்துத் திடீரென்று செத்துவிட்டது" என்று வருகிறவர்களின் போனில் நடந்தது இதுதான். காயவைப்பது வேறு, கழுவுவது வேறு. போனுக்குத் தேவை கழுவுவது.

சரி, அரிசியில் போட்டுப் பிழைத்த போன்களும் இருக்கின்றனவே? இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் முக்கியமான இடத்துக்குப் போகவில்லை, அல்லது மிகக் கொஞ்சம்தான் போனது. அதோடு, அரிசியில் கிடந்த இரண்டு நாளும் யாரும் அதை ஆன் செய்யவில்லை, சார்ஜ் போடவில்லை. உதவியது அந்த ஓய்வுதான். மேசைமேல் சும்மா வைத்திருந்தாலும் அதே பலன் கிடைத்திருக்கும், சார்ஜிங் துளைக்குள் மாவும் குருணையும் போயிருக்காது. ஆப்பிள் நிறுவனம் 2024 தொடக்கத்தில் தன் உதவிப் பக்கத்திலேயே அரிசிப் பையில் போட வேண்டாம், அதன் துகள்கள் போனைக் கெடுக்கலாம் என்று எழுதிவிட்டது. புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அரிசியைவிடப் பலமாக ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் உப்பை அதுவும் எடுக்காது, இடுக்கில் சிக்கிய தண்ணீருக்கு அதுவும் வழி திறக்காது.

செய்ய வேண்டியது, வரிசையாக

போன் சார்ஜில் இருந்தபடியே தண்ணீரில் விழுந்திருந்தால் போனைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சை அணையுங்கள், அப்புறம் எடுங்கள்.

எடுத்தவுடன் ஆஃப். இங்கே பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் புதிய போன்களில் பவர் பட்டனை மட்டும் அழுத்திப் பிடித்தால் ஆஃப் ஆகும் பக்கம் வருவதில்லை. ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஏதாவது ஒரு வால்யூம் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் ஆஃப் செய்யும் பட்டை வரும். சாம்சங்கில் பக்கவாட்டுப் பட்டனும் வால்யூம் குறைக்கும் பட்டனும். மற்ற பல ஆண்ட்ராய்டுகளில் பவர் பட்டனும் வால்யூம் கூட்டும் பட்டனும். உங்கள் போனில் எது என்று இன்றைக்கே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள், வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தேட வேண்டாம். சேர்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஆஃப் ஆவதற்குப் பதில் பல ஆண்ட்ராய்டுகள் ரீஸ்டார்ட் ஆகிவிடும், ஐபோனில் அவசர அழைப்பு தொடங்கிவிடும், அதனால் ஆஃப் பக்கம் வந்தவுடன் கையை எடுங்கள். திரையில் டச் வேலை செய்யாமல், அதுவாகவே அங்குமிங்கும் அழுந்திக்கொண்டிருந்தால் அதோடு போராடாதீர்கள். நேராக ரிப்பேர் கடைக்குப் போய் பேட்டரி கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள், அதுதான் அந்த நிலையில் ஆஃப்.

போட்டோ, பேக்கப் என்று அப்போது ஆசைப்படக் கூடாது. இந்த இடத்தில் எனக்கு மனது கஷ்டப்படும், ஏனென்றால் பலர் குழந்தைகளின் படங்களுக்காகத்தான் மறுபடி ஆன் செய்கிறார்கள். இன்றைய போன்களில் சேமிப்பு முழுவதும் பூட்டப்பட்டு, அதன் சாவி அதே போர்டில் இருக்கும் பிராசசரோடு கட்டப்பட்டிருக்கிறது. மெமரி ஐசியை மட்டும் கழற்றி வேறு எங்காவது வைத்துப் படிக்க முடியாது. போர்டு உயிரோடு இருந்தால்தான் படங்கள் கிடைக்கும். ஆன் செய்யாமல் விடுவதுதான் அந்தப் படங்களைக் காப்பது.

ஆஃப் ஆன பிறகு கவரைக் கழற்றுங்கள். வெளிப்புறம் முழுவதையும் பருத்தித் துணியால் துடையுங்கள். துடைத்து முடித்த பிறகுதான் சிம் ட்ரேயை வெளியே எடுக்க வேண்டும்; அதற்கு ரப்பர் வளையம் இருக்கும் போன்களில், ஈரத்தோடு திறந்தால் ஓரத்தில் நிற்கும் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். சார்ஜிங் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். சில சொட்டுகள் வரும். பலமாக உதறுவதும் வாயால் ஊதுவதும் வேண்டாம், ஒரு மூலையில் இருந்த தண்ணீரை போர்டு முழுக்கப் பரப்பிவிடும். துளைக்குள் பஞ்சு, டிஷ்யூ, குச்சி எதையும் நுழைக்காதீர்கள்.

ஹேர் டிரையரை எடுக்கத் தோன்றும். வேண்டாம். சூடான காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது, பின்கண்ணாடியைப் பிடித்திருக்கும் பசையை இளக்குகிறது, பேட்டரிக்கும் திரைக்கும் சூடு ஆகாது. மொட்டை மாடி வெயிலும் அப்படித்தான். அறை வெப்பத்தில் ஓடுகிற காற்று போதும், அதனால்தான் ஃபேன்.

விழுந்தது எதில் என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்து என்ன என்பதை அதுதான் தீர்மானிக்கும். மழைத் தண்ணீரில் உப்பு குறைவு, கொஞ்சம் அவகாசம் உண்டு. போர் தண்ணீர் அதைவிட மோசம். கடல் தண்ணீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அன்றைக்கே திறந்து கழுவாவிட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. டீ, காபி, ஜூஸ் என்றால் சர்க்கரையும் பாலும் காய்ந்து பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். இவற்றில் விழுந்த போன் தண்ணீரைத் தாங்குவதற்கான ஐபி67 அல்லது ஐபி68 தரம் உள்ளது, கண்ணாடியில் விரிசல் இல்லை என்றால், ஆஃப் செய்த பிறகு நல்ல தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு வெளிப்புறத்தை அலசித் துடைக்கலாம். தரம் இல்லாத போனை அலசக் கூடாது.

கடைக்குப் போவதா, காத்திருப்பதா

தண்ணீர் உள்ளே போனதா என்று தெரிந்துகொள்ளச் சில அடையாளங்கள் உண்டு. கேமரா கண்ணாடியின் உள்பக்கம் பனி படர்ந்தது போல இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, சந்தேகமே இல்லை. பல போன்களில் சிம் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும். தண்ணீர் பட்டால் அது சிவப்பாகும். சிவந்திருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. சிவக்கவில்லை என்பதற்காக மற்ற இடங்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

போன் முழுவதும் மூழ்கியிருந்தால், அதற்கு ஐபி தரம் இல்லை என்றால், அல்லது இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தால், அன்றைக்கே திறப்பதுதான் என் கருத்து. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போவது நல்லது. "வாட்டர் டேமேஜ், சர்வீஸ் பண்ணிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னால், சில இடங்களில் மேலே ஹீட்டரைக் காட்டிக் காயவைத்து மூடிவிடுவார்கள். அது அரிசியின் இன்னொரு வடிவம்தான். நீங்கள் இப்படிக் கேளுங்கள்: முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றிவிடுங்கள், போர்டை வெளியே எடுத்து ஐபிஏவில் கழுவுவீர்களா, ஷீல்டுக்கு அடியில் பார்ப்பீர்களா, மைக்ரோஸ்கோப் இருக்கிறதா. இந்த நான்குக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் கொடுங்கள்.

ஐபிஏ என்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதச் செறிவுள்ளதுதான் வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 சதவீதத்தில் மீதி பெரும்பாலும் தண்ணீர். இது தண்ணீரைவிட மிக எளிதாக இடுக்குகளுக்குள் புகுந்து, அங்கே இருக்கும் தண்ணீரோடு கலந்து அதை வெளியே கொண்டுவந்துவிடும், பிறகு மிச்சமில்லாமல் பறந்துவிடும். அதோடு மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கும்போதுதான் உப்பும் களிம்பும் கிளம்புகின்றன. ஐசிக்களின் அடியில் போக, ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போர்டை மட்டும் சில நிமிடம் வைப்போம். திரையும் கேமராவும் அதில் போகக் கூடாது. வீட்டில் முழு போனையும் ஐபிஏவில் முக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திரையின் அடுக்குகளுக்குள் புகுந்து நிரந்தரக் கறையாகிவிடும், எளிதில் தீப்பிடிக்கும் திரவமும்கூட.

மாணவியின் போனில் இவ்வளவுதான் வேலை. ஷீல்டுக்கு அடியில் தண்ணீர் இருந்தது, களிம்பு ஏறவில்லை. கழுவிக் காயவைத்து மூடியதும் ஓடியது. ஸ்பீக்கர் மட்டும் இரண்டு நாள் கரகரத்துவிட்டுச் சரியானது.

முதல் போனில் கதை வேறு. சார்ஜிங் துளையின் கால்கள் பச்சையாக இருந்தன. போர்டைக் கழுவி, மேசைப் பவர் சப்ளையில் 4 வோல்ட் கொடுத்தேன். பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்ட வேண்டும், அது 0.2 ஆம்பியர் காட்டியது. எங்கோ மின்சாரம் கசிகிறது, கசியும் இடம் சூடாகும் என்று அர்த்தம். போர்டின் மேல் ஐபிஏவைத் தடவிவிட்டுப் பார்த்தால் சூடான இடத்தில் அது முதலில் காயும். சார்ஜிங் ஐசிக்குப் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டரைச் சுற்றி அப்படிக் காய்ந்தது. அதைக் கழற்றியதும் கசிவு நின்றது. அந்தப் பாதையில் இணையாகப் பல கெப்பாசிட்டர்கள் இருப்பதால் ஒன்று இல்லாவிட்டாலும் போன் ஓடும். பிறகு பின்விளக்குப் பாதையில் அரித்துப்போன டயோடையும் காயிலையும் மாற்றினேன், சார்ஜிங் துளையையும் மாற்றினேன். போன் பிழைத்தது, படங்கள் கிடைத்தன. ஆனால் அவர் கொடுத்த தொகை மாணவி கொடுத்ததைப்போல் பல மடங்கு. பிராசசருக்கு அடியில் களிம்பு ஏறியிருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் நடந்திருக்காது.

பக்கத்தில் அப்படிப்பட்ட கடை இல்லை, அல்லது தெறித்த சில சொட்டுகள்தான் என்றால் காத்திருக்கலாம். போனை நிமிர்த்தி, சிம் ட்ரே இல்லாமல், ஃபேன் காற்றில் குறைந்தது 48 மணி நேரம். நடுவில் எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் கடினமான பகுதி. கேமராவில் தெரியும் பனி முழுவதும் மறையும் வரை ஆன் செய்யக் கூடாது. 48 மணி நேரத்துக்குப் பிறகும் முதலில் சார்ஜர் இல்லாமல், இருக்கும் பேட்டரியிலேயே ஆன் செய்யுங்கள்.

ஐபி68 போன் வைத்திருப்பவர்களுக்கு

அந்தத் தரம் பொய்யில்லை, ஆனால் அது புதிய போனை நல்ல தண்ணீரில், அசையாமல், ஆய்வகத்தில் வைத்துச் சோதித்தது. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி68 என்றால் அதைவிட அதிகம், எவ்வளவு என்பதை நிறுவனமே சொல்லும். தண்ணீரைத் தடுப்பது ஓரத்தில் ஓடும் பசையும் சின்ன ரப்பர் வளையங்களும்தான். கீழே விழுந்து சட்டம் வளைந்திருந்தாலும், ஒருமுறை பேட்டரியோ திரையோ மாற்றி, புதிய பசைப் பட்டை வைக்காமல் மூடியிருந்தாலும் அந்தத் தடுப்பு போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருக்கும் போனில் பெரும்பாலும் ஈரம் நிற்பது சார்ஜிங் துளையில் மட்டும். சார்ஜரைச் செருகும்போது தண்ணீர்ச் சொட்டுப் படத்தோடு எச்சரிக்கை வந்தால் அதை மீறிச் சார்ஜ் போடாதீர்கள். துளையைக் கீழே பார்க்கவைத்துத் தட்டி, குறைந்தது அரை மணி நேரம் காற்றில் விடுங்கள். ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகும் எச்சரிக்கை போகவில்லை என்றால் அங்கே நிற்பது தண்ணீர் இல்லை, உப்போ களிம்போதான். துளையைச் சுத்தம் செய்ய வேண்டும்.

போன் ஆன் ஆகிவிட்டால்

முதல் வேலை படங்கள், தொடர்புகள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுப்பது. அதற்குப் பிறகுதான் யாருக்கும் போன் செய்ய வேண்டும். திறந்து கழுவாத போன் என்றால் அது கடன் வாங்கிய நேரத்தில் ஓடுகிறது.

அடுத்து ஒரு சின்னச் சோதனை. இரவில் பேட்டரி எத்தனை சதவீதம் என்று எழுதிவைத்துவிட்டு, போனை ஆஃப் செய்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஆன் செய்து பாருங்கள். ஒன்றிரண்டு சதவீதம் குறைந்திருந்தால் பரவாயில்லை. ஆஃபில் இருந்தபோதே பத்து சதவீதம் போயிருந்தால், நான் சொன்ன அந்தப் பிரதான பாதையில் கசிவு தொடங்கிவிட்டது. சும்மா வைத்திருக்கும்போது போனின் மேல்பாதி வெதுவெதுப்பாக இருந்தாலும் அதே அர்த்தம். தள்ளிப்போடாமல் போர்டைத் திறந்து கழுவக் கொடுங்கள். பின்மூடி லேசாகத் தூக்கிக்கொண்டு வந்தால் பேட்டரி உப்புகிறது. அந்த போனைச் சார்ஜ் போடாமல், அழுத்தி மூடிப் பார்க்காமல், தலையணைக்குப் பக்கத்தில் வைக்காமல் அன்றைக்கே கொண்டுபோய் பேட்டரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். இந்த இரவுச் சோதனையை முதல் வாரத்தில் ஒருமுறையும், அடுத்து நல்ல மழை பிடிக்கும் நாட்களில் இன்னொருமுறையும் செய்யுங்கள். உள்ளே உப்பு மிச்சம் இருந்தால் அது தன்னைக் காட்டுவது அந்த ஈரக்காற்றில்தான்.